பெரிய கோர், சின்ன கோர், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று சொல்கிறார்களே, அதுவும் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். பேட்டரியில் இருப்பது அந்த வேகம் இல்லை, மொத்த இருப்பு. 5000 மில்லிஆம்பியர்-மணி என்று பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரியை அதன் சராசரி வோல்டேஜான 3.85ஆல் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி வரும், அதாவது கிட்டத்தட்ட 69,000 ஜூல். மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் ஜூல் என்றால், குழாயில் எவ்வளவு வேகமாக வடிகிறது என்பது வாட்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். எண்கள் எளிதாகப் புரிவதற்காக நானே எடுத்தவை, எந்தக் குறிப்பிட்ட சிப்புக்கும் உரியவை இல்லை. கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளைச் செய்து முடிக்கும் ஒரு பகுதி, அதில் வேகமானது பெரிய கோர், மெதுவானது சின்ன கோர். ஒரு வேலையைப் பெரிய கோர் 3.5 வாட் இழுத்து 1 நொடியில் முடிக்கிறது, செலவு 3.5 ஜூல். அதே வேலையைச் சின்ன கோர் 0.25 வாட் இழுத்து 6 நொடியில் முடிக்கிறது, செலவு 1.5 ஜூல். மெதுவாக முடித்தாலும் தொட்டியில் இருந்து எடுத்தது பாதிக்கும் குறைவு. வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று கேட்பதும், ஒரு ஜூலுக்கு எவ்வளவு வேலை என்று கேட்பதும் ஒரே கேள்விதான், இரண்டு பக்கமும் இருக்கும் நொடி அடிபட்டுப் போய்விடும். ஆனால் பேட்டரியில் இருந்து திரை, மோடம், ரேம் எல்லாம் சேர்ந்துதான் குடிக்கின்றன, அதனால் சிப் இருமடங்கு சிக்கனமானால் போன் இருமடங்கு நேரம் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எட்டு கோர் போன் என்றால் எட்டும் ஒரே வேகத்தில் ஓடாதா?

பெரும்பாலான போன்களில் ஓடாது. 2011 அக்டோபரில், கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் கார்டெக்ஸ் ஏ15 என்ற பெரிய கோரையும் ஏ7 என்ற சின்ன கோரையும் ஒரே சிப்பில் ஜோடி சேர்க்கும் யோசனையை அறிவித்தது. இரண்டும் ஒரே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும், அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை அதற்கே தெரியாமல் ஒன்றில் இருந்து மற்றதற்கு மாற்றலாம். 2013இல் கேலக்ஸி எஸ்4 போனின் ஒரு வகையில் வந்த எக்ஸினோஸ் 5410 சிப்பில் நான்கு பெரியது, நான்கு சின்னது என எட்டு கோர் இருந்தன, ஆனால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு நான்குதான் வேலை செய்யும், மொத்தக் கூட்டமும் சேர்ந்தே மாறும். ஆப்பிளின் ஏ10 (2016) கூட அப்படித்தான், இரண்டு பெரியது அல்லது இரண்டு சின்னது. அடுத்த வருடம் வந்த ஏ11இல்தான் ஆறும் ஒரே சமயத்தில் ஓட முடிந்தது. 2020இல் கார்டெக்ஸ் எக்ஸ்1 வந்த பிறகு ஆண்ட்ராய்டு பக்கம் மூன்று தட்டாகிவிட்டது. க்வால்காமின் ஸ்னாப்டிராகன் 888 சிப்பில் ஒரு எக்ஸ்1, மூன்று ஏ78, நான்கு ஏ55. இதில் எக்ஸ்1 பெரியது, ஏ55 சின்னது, ஏ78தான் நடுக் கோர், கீழே நிறையப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

சின்ன கோர் எதனால் சிக்கனம்? வேகத்தைக் குறைத்தால் பெரிய கோரும் சிக்கனமாகிவிடாதா?

இரண்டு காரணங்கள் இருக்கின்றன, பலரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

முதல் காரணம் கட்டமைப்பு. ஏ55 கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும், ஒரு சுற்றில் அதிகபட்சம் இரண்டு. ஒரு கட்டளைக்கு வேண்டிய தரவு ரேமில் இருந்து வர நேரமானால் பின்னால் இருப்பவை எல்லாம் நிற்கும். பெரிய கோர் அப்படி நிற்காது, நூற்றுக்கணக்கான கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு எது தயாரோ அதை முதலில் செய்யும், அடுத்து நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகித்து முன்னாலேயே ஓடும், ஊகம் தப்பானால் செய்ததைத் தூக்கி எறியும். அந்தத் தேடல், ஊகம், எறிதல் எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகிறது.

இரண்டாவது காரணம் வோல்டேஜ், எனக்கு இதுதான் அதிக முக்கியமாகப் படுகிறது. சிப் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்துக்கான சூத்திரம் இது:

```
P = C × V² × f
```

f என்பது வேகம், V வோல்டேஜ், C என்பது கோரின் பருமனோடு சேர்ந்தது. வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி பாதியாகும், ஆனால் வேலை முடிய இருமடங்கு நேரமாகும், ஜூல் கணக்கில் லாபம் பூஜ்யம். லாபம் எங்கே வருகிறது என்றால், வேகம் குறையும்போது வோல்டேஜையும் குறைக்க முடிகிறது. 1.0 வோல்ட் 0.7 ஆனால் அதன் வர்க்கம் 0.49, அதாவது அதே வேலைக்குப் பாதி ஜூல். எந்தக் கோராக இருந்தாலும் உச்ச வேகத்தின் கடைசிக் கொஞ்சத்தை எட்ட வோல்டேஜ் செங்குத்தாக ஏறும், அந்தக் கடைசிக் கொஞ்சம்தான் மிக விலை உயர்ந்தது.

ஆகவே வேகத்தைக் குறைத்தால் பெரிய கோரும் சிக்கனமாகத்தான் ஆகும், ஒரு எல்லை வரை. வோல்டேஜ் ஒரு அடிமட்டத்துக்குக் கீழே இறங்காது. அதற்குப் பிறகு வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் ஜூல் குறையாது, மாறாக நேரம் நீள்வதால், கோர் விழித்திருக்கும் வரை சும்மாவே வடியும் கசிவு மின்சாரம் கூடிக்கொண்டே போகும், பெரிய கோருக்குக் கசிவும் பெரிது.

அப்படியென்றால் சின்ன கோரில் ஓட்டுவது எப்போதும் பேட்டரிக்கு நல்லதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ஒவ்வொரு கோருக்கும் ஒரே ஒரு மைலேஜ் எண் கிடையாது, ஒரு வளைகோடு உண்டு. சின்ன கோரின் கோடும் நடுக் கோரின் கோடும் ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே சின்ன கோர் சிக்கனம். அதற்கு மேலே சின்ன கோர் தன் உச்ச வேகத்தில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்க, நடுக் கோர் அதே வேலையைத் தன் அடிமட்ட வோல்டேஜில் இன்னும் மலிவாகச் செய்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு போனை எடுப்போம், எண்கள் இங்கேயும் விளக்கத்துக்கானவையே. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல், போனில் இருக்கும் வேகமான கோரின் உச்சத் திறனை 1024 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிடும், நாமும் அந்த அளவையே பிடிப்போம்.

சின்ன கோர் 1.0 கிகாஹெர்ட்ஸில் திறன் 140, இழுப்பது 60 மில்லிவாட். அதுவே உச்சமான 1.8 கிகாஹெர்ட்ஸில் திறன் 250, இழுப்பது 220 மில்லிவாட். நடுக் கோர் தன் மிகக் குறைந்த வேகத்தில் திறன் 300, இழுப்பது 200 மில்லிவாட்.

முதலில் ஒரு லேசான வேலை, தொடர்ந்து 100 அளவு திறன் கேட்கிறது. சின்ன கோரில் 1.0 கிகாஹெர்ட்ஸில் போட்டால் 140இல் 100 பங்கு நேரம் ஓடும், சராசரி 43 மில்லிவாட். நடுக் கோரில் போட்டால் 300இல் 100 பங்கு நேரம், சராசரி 67 மில்லிவாட். சின்ன கோருக்கே வெற்றி.

இப்போது கொஞ்சம் கனமான வேலை, 190 கேட்கிறது. சின்ன கோரில் 140 போதாது, 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற வேண்டும். 250இல் 190 பங்கு நேரம் 220 மில்லிவாட், சராசரி 167. நடுக் கோரில் 300இல் 190 பங்கு நேரம் 200 மில்லிவாட், சராசரி 127. நடுக் கோர் கிட்டத்தட்ட கால் பங்கு மலிவு.

கதை இதோடு முடியவில்லை. பெரும்பாலான சிப்புகளில் ஒரு கூட்டத்தில் இருக்கும் கோர்கள் எல்லாம் ஒரே வேகம், ஒரே வோல்டேஜ். அந்த 190 வேலையைச் சின்ன கோர் ஒன்றில் போட்டதால், பக்கத்தில் 50 அளவு வேலையோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்று சின்ன கோர்களும் 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போகப்படும். ஒவ்வொன்றும் 1.0இல் சுமார் 21 மில்லிவாட்டில் முடித்த வேலை இப்போது 44 மில்லிவாட் கேட்கும். மொத்தமாகப் பாருங்கள்: எல்லாவற்றையும் சின்னக் கூட்டத்தில் போட்டால் 167ஓடு 132 சேர்ந்து 299 மில்லிவாட். கனமான வேலையை மட்டும் நடுக் கோருக்குத் தூக்கினால் 127ஓடு 64 சேர்ந்து 191. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், அதுவும் நடுக் கோரை எழுப்பியதால்.

உறங்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தை எழுப்பவும் கொஞ்சம் செலவு உண்டு, அதை இங்கே விட்டுவிட்டேன். சில மில்லிநொடி வேலைக்காக எழுப்பினால் அந்தச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் போனில் யார் போடுவது? ஆப் எழுதியவரா?

எந்த வேலை எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும், கெர்னலில் இருக்கும் ஷெட்யூலர். மேலே நாம் போட்ட அதே கூட்டல்கழித்தலைத்தான் அது செய்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் சில வருடங்கள் தனியாக ஓடி, 2019இல் லினக்ஸ் 5.0இல் முறையாகச் சேர்ந்த அந்த வசதிக்கு இ.ஏ.எஸ். என்று பெயர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எந்த வேகத்தில் எவ்வளவு சக்தி என்ற அட்டவணையைச் சிப் தயாரிப்பாளர் கொடுத்து வைத்திருப்பார். ஒரு வேலை தூக்கத்தில் இருந்து எழும்போது, இதை இங்கே வைத்தால் மொத்தச் செலவு எவ்வளவு, அங்கே வைத்தால் எவ்வளவு என்று பார்த்து மலிவான இடத்தில் வைக்கும். க்வால்காம் தன் சிப்புகளில் இதற்குச் சொந்தமாக வேறு முறையையும் சேர்த்திருக்கிறது, ஆனால் எண்ணம் ஒன்றே.

இது தடுக்கி விழும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஒரு வேலை எவ்வளவு கனம் என்று ஷெட்யூலருக்கு முன்கூட்டியே தெரியாது, கடந்த காலத்தைப் பார்த்து ஊகிக்கிறது. அந்த ஊகத்தின் நினைவு 32 மில்லிநொடிக்கு ஒருமுறை பாதியாகத் தேயும், அதனால் சும்மா இருந்த வேலை திடீரென முழு மூச்சில் ஓட ஆரம்பித்தாலும் அதன் மதிப்பீடு பாதியை எட்டவே 32 மில்லிநொடி ஆகும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு இருக்கும் நேரம் 8.3 மில்லிநொடி. விரலை வைத்துத் தள்ள ஆரம்பித்ததும் முதல் மூன்று நான்கு ஃபிரேம் திக்குவது இதனால்தான். இதைத் தவிர்க்கத் திரையைத் தொட்டதுமே, கேட்கிறதோ இல்லையோ, குறைந்தபட்ச வேகத்தைத் தூக்கி வைக்கும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். அதை அளவுக்கு மீறி வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் போன் கிடைக்கும், சாயங்காலம் சார்ஜர் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு, ஏதாவது ஒரு கோர் அதன் திறனில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டினால் இ.ஏ.எஸ். கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டு, வேலையை எல்லாக் கோர்களுக்கும் பரப்பும் பழைய முறைக்குப் போய்விடும். நம் உதாரணத்தில் 250 திறனுள்ள சின்ன கோருக்கு இந்த எல்லை 200. கேம் ஆடும்போது சிக்கனக் கணக்கு பெரும்பாலும் நடப்பதே இல்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கினால் மிச்சம்தானே, ஏன் இழுத்தடிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி, சில சமயம் அதுதான் சரியும்கூட. பதில், அந்த வேலை முடியும் வரை வேறு எதெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது.

முதல் கேள்வியில் வந்த வேலையையே எடுப்போம். பெரிய கோர் 1 நொடி, 3.5 ஜூல். சின்ன கோர் 6 நொடி, 1.5 ஜூல். நடுக் கோர் 1.2 வாட்டில் 2 நொடியில், 2.4 ஜூலில் முடிக்கிறது என்று வைப்போம். நீங்கள் அந்த வேலைக்காக மட்டுமே திரையைப் பார்த்துக் காத்திருக்கிறீர்கள், முடிந்ததும் பாக்கெட்டில் போடப்போகிறீர்கள். திரையும் ரேமும் மற்றவையும் சேர்ந்து 1 வாட் என்றால், பெரியது 4.5, நடுவானது 4.4, சின்னது 7.5 ஜூல். சிக்கனம் என்று நினைத்த சின்ன கோர்தான் இங்கே மோசம். ஆனால் அதே வேலை நீங்கள் ஏதோ கட்டுரை படித்துக்கொண்டிருக்கும்போது பின்னணியில் நடந்தால் திரை எப்படியும் எரிந்துகொண்டிருக்கும், அந்த 1 வாட்டை இந்த வேலையின் கணக்கில் எழுதக் கூடாது, அப்போது சின்ன கோரே ஜெயிக்கும்.

அதனால்தான் ஆண்ட்ராய்டு முன்னால் இருக்கும் ஆப்பையும் பின்னணி ஆப்புகளையும் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, பின்னணிக்குப் பெரும்பாலும் சின்ன கோர்களை மட்டும் ஒதுக்குகிறது.

ஒரே மாதிரி கோர் இருக்கும் இரண்டு போனில் ஒன்று சுடுகிறது, ஒன்று சுடவில்லை. எப்படி?

கோர் வரைபடம் மட்டும் போதாது, அதை யார் எந்த ஆலையில் அச்சடித்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான் சிக்கனம். இதற்கு ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1ஐ விடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2021 கடைசியில் அறிவித்த அந்தச் சிப்பில் ஒரு எக்ஸ்2, மூன்று ஏ710, நான்கு ஏ510, சாம்சங்கின் 4 நானோமீட்டர் முறையில் செய்தது. 2022 மே மாதம் 8 பிளஸ் ஜென் 1 வந்தது. அதே கோர்கள், அதே எண்ணிக்கை, ஆனால் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையின் 4 நானோமீட்டர். பெரிய கோரின் வேகம் 3.0இல் இருந்து 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறியது, அப்படியும் சி.பி.யு. சக்தித்திறன் 30 சதவீதம் வரை மேம்பட்டதாக க்வால்காமே சொன்னது. வரைபடம் மாறவில்லை, அதே வேகத்துக்குத் தேவைப்படும் வோல்டேஜும் கசிவும் மாறின, V வர்க்கமாகச் சூத்திரத்தில் நிற்பதால் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரிந்தது. இரண்டும் 4 நானோமீட்டர் என்றுதான் பெயர், ஆகவே அந்த எண்ணை வைத்து இரண்டு ஆலைகளை ஒப்பிடாதீர்கள்.

பழைய போன் வாங்குபவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் பிளஸ் போட்டதையே எடுங்கள் என்பேன்.

இப்போது சின்ன கோரே இல்லாத சிப் வருகிறதே, அப்போது இந்த முறை தோற்றுப்போனதா?

பெயர்தான் போனது, முறை இருக்கிறது. 2023இல் வந்த மீடியாடெக்கின் டைமென்சிட்டி 9300இல் நான்கு எக்ஸ்4, நான்கு ஏ720, ஏ55 வம்சத்தில் வந்தவை ஒன்றுகூட இல்லை. 2024இன் ஸ்னாப்டிராகன் 8 எலைட்டில் 4.32 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கோர் இரண்டு, 3.53 வரை போகும் கோர் ஆறு. இவற்றிலும் இரண்டு கூட்டம், இரண்டு வளைகோடு உண்டு. நடுக் கோர் தன் கீழ் வேகத்தில் நல்ல சிக்கனமாக இருப்பதால், வரிசையாகக் கட்டளை செய்யும் மிகச் சின்ன கோர் ஜெயிக்கும் இடம் குறுகிக்கொண்டே போய், அதற்குத் தனி இடம் ஒதுக்குவது அவசியமா என்ற கேள்வி வந்துவிட்டது.

இந்தத் திருப்பத்துக்கான அறிகுறி ஆப்பிள் பக்கம் முன்பே இருந்தது. 2019இல் ஏ13ஐ அளந்த ஆனந்த்டெக் தளம், அதன் சின்ன கோர் ஸ்னாப்டிராகன் 855இல் இருந்த ஏ55ஐவிட 2.5 முதல் 3 மடங்கு வேகமாக இருந்தும் பாதிக்கும் குறைவான ஆற்றலில் வேலையை முடிக்கிறது என்று எழுதியது. ஆப்பிளின் சின்ன கோர் வரிசை மாற்றிக் கட்டளை செய்யக்கூடியது, கொஞ்சம் பெரியது, அந்தக் கொஞ்சத்துக்கு ஈடாக அது திருப்பித் தந்தது மிக அதிகம். ஆண்ட்ராய்டு உலகம் ஏ55ஐ இவ்வளவு வருடம் பிடித்துக்கொண்டிருந்ததற்குச் சிலிக்கானில் அது அடைக்கும் இடம் குறைவு, விலை குறைவு என்பதும் காரணம், சிக்கனம் மட்டும் இல்லை என்பது என் கருத்து. மலிவு போன்களில் அது இன்னும் பல வருடம் இருக்கும்.

பெஞ்ச்மார்க் எண் பெரிதாக இருந்தால் நல்ல சிப்தானே?

அந்த எண் ஒரு சில நிமிடத்துக்கான உச்சத்தைச் சொல்கிறது. விசிறி இல்லாத கைபேசியின் உடம்பு தொடர்ந்து வெளியே தள்ளக்கூடிய வெப்பம் 3 முதல் 5 வாட் அளவுதான். பெரிய கோர் ஒன்றே உச்சத்தில் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், அதற்கு மேல் கிராபிக்ஸும் சேர்ந்தால் போன் தானே வேகத்தைக் குறைக்கும். 2015இன் ஸ்னாப்டிராகன் 810 சூடானதும் பெரிய கோர்களைத் தட்டி உட்கார வைத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே சோதனையை இடைவெளி விடாமல் இருபது முறை ஓட்டி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எடுத்துப் பாருங்கள். வாட்டுக்கு நல்ல வேலை செய்யும் சிப்பில் இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருக்கும்.

என் போனில் எந்தக் கோர் ஓடுகிறது என்று நானே பார்க்க முடியுமா?

முடியும், ரூட் தேவையில்லை. போனில் டெவலப்பர் ஆப்ஷன்களுக்குள் போய் யு.எஸ்.பி. டிபக்கிங்கை இயக்கி, `adb` கருவி நிறுவிய கணினியோடு போனை இணைத்து, கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
adb shell
cat /sys/devices/system/cpu/cpu*/cpu_capacity
cd /sys/devices/system/cpu/cpufreq
ls
cat policy0/related_cpus
cat policy0/stats/time_in_state
```

முதல் `cat` ஒவ்வொரு கோரின் திறனையும் 1024 அளவில் காட்டும். `ls` அடித்தால் வரும் ஒவ்வொரு `policy` அடைவும் ஒரே வேகத்தைப் பகிரும் ஒரு கூட்டம். ஸ்னாப்டிராகன் 888 போனில் `policy0`, `policy4`, `policy7` என்று மூன்று இருக்கும். கடைசி வரி, அந்தக் கூட்டம் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் காட்டும். இடப்பக்கம் கிலோஹெர்ட்ஸில் வேகம், வலப்பக்கம் நேரம், ஒரு எண்ணிக்கை என்பது 10 மில்லிநொடி. சில தயாரிப்பாளர்கள் இந்தக் கோப்பைப் படிக்க அனுமதிப்பதில்லை, அப்போது வழியில்லை.

படிக்கும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். அந்த வேகத்தில் வைத்துச் சும்மா இருந்த நேரமும் இதில் சேரும், ஆகவே இது வேலை செய்த நேரம் மட்டுமல்ல. இன்னொன்று, போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் இந்த எண்ணிக்கை நின்றுவிடும். இந்த இரண்டாவதுதான் எனக்கு ஒருமுறை கைகொடுத்தது.

இரவில் வழக்கமாக மூன்று நான்கு சதவீதம் இறங்கும் பேட்டரி திடீரென்று பதினைந்து இறங்க ஆரம்பித்தது. படுக்கும்போது ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை `policy0` எண்களையும் பெரிய கோரின் எண்களையும் குறித்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன். ஏழு மணி நேரத்தில் `policy0`இன் எல்லா வரிகளின் வித்தியாசமும் சேர்ந்து சுமார் 14 லட்சம், அதாவது கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் போன் உறங்கவே இல்லை. அந்த நேரத்தில் பெரும்பகுதி சின்னக் கூட்டத்தின் உச்ச வேகத்தில் இருந்தது, பெரிய கோர் தன் மிகக் குறைந்த வேகத்தை விட்டு ஏறவே இல்லை. பின்னணியில் ஏதோ ஒன்று சின்ன கோர்களை விடாமல் ஓட்டுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பேட்டரிப் பக்கத்தில் தேடினால் படங்களைக் காப்புப் பிரதி எடுக்கும் ஆப் ஒன்று. ஒரு கோப்பில் சிக்கி அதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் மறுநாள் இரவு மொத்த விழிப்பு அரை மணிக்கும் கீழே வந்தது.

பேட்டரி சேவரைப் போட்டால் பெரிய கோர் அணைந்துவிடுமா?

பொதுவாக அணையாது. ஆண்ட்ராய்டின் பேட்டரி சேவர் முக்கியமாகப் பின்னணி வேலைகளையும் ஒத்திசைவையும் தள்ளிப்போடுகிறது. அதோடு பல தயாரிப்பாளர்கள் பெரிய கோரின் உச்ச வேகத்துக்கு ஒரு கூரை போடுகிறார்கள். கூரை போடுவது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் வளைகோட்டின் விலை உயர்ந்த கடைசிப் பகுதி மட்டும் வெட்டப்படுகிறது, வேகத்தில் இழப்பது கொஞ்சம், வோல்டேஜில் மிச்சமாவது நிறைய. பெரிய கோர்களை முழுக்க அணைக்கும் ஆப்புகளை ரூட் செய்த போனில் சிலர் போடுகிறார்கள். மேலே போட்ட 190 கணக்கைப் பார்த்தால் அது ஏன் பல சமயம் பேட்டரியைக் கூடுதலாகத் தின்கிறது என்று புரியும். எல்லா வேலையும் சின்னக் கூட்டத்தில் குவிந்து, நான்கு கோரும் நாள் முழுக்க உச்ச வேகத்தில் நிற்கும்.